பாட வீடியோவை ஏன் மூடினோம்: பிள்ளைகளுக்குக் குறிப்பு எழுதும் முறை

தண்டையார்பேட்டையில் வீட்டு மாடியில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். பாடங்களை யூடியூபில் ஏற்றி, லிங்கை வாட்ஸ்அப் குழுவில் போடுவேன். ஒளியியல் பாடத்தில் ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டேன். தெரிந்ததும் வீடியோவை பிரைவேட் ஆக்கினேன், குறிப்பு எதுவும் போடவில்லை. மறுநாள் ஒரு பையன் படிக்கட்டிலேயே நின்றுகொண்டு, "மிஸ், நான் இந்த மாசம் ஃபீஸ் கட்டலன்னு எனக்கு மட்டும் மூடிட்டீங்களா?" என்று கேட்டான்.

வீடியோ பிரைவேட் என்பது மட்டும்தான் அவனுக்குத் திரையில் தெரியும். யாருக்கு மூடியது, ஏன் மூடியது என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். அன்றிலிருந்து நான் செய்துவரும் வரிசை இது.

படி 1: தவறைத் தாளில் சரிசெய்யுங்கள்

வீடியோவை மூடினாலும் நோட்டில் எழுதியது அப்படியேதான் இருக்கும். அதனால் முதல் வேலை, பிள்ளைகள் நோட்டில் என்ன எழுதியிருப்பார்கள் என்று கண்டுபிடிப்பது.

என் கணக்கு இது: குவிலென்சின் குவியத் தொலைவு 10 செ.மீ., பொருள் 15 செ.மீ. தூரத்தில். பிம்பம் எங்கே விழும்? லென்சுக்கான சூத்திரம் `1/f = 1/v − 1/u`. நான் ஆடிக்கான சூத்திரத்தை, அதாவது நடுவில் கூட்டல் குறி உள்ளதை, போட்டுவிட்டேன். u = −15 என்று வைத்தால் அதில் 1/v = 1/10 + 1/15 என்று வந்து, விடை 6 செ.மீ. ஆகிவிட்டது. சரியான வழியில் 1/v = 1/10 − 1/15 = 1/30. விடை 30 செ.மீ.

6 தப்பு என்று கணக்குப் போடாமலே கண்டுபிடிக்கலாம். பொருள் குவியத்துக்கு வெளியே இருந்தால், குவிலென்சின் மெய்பிம்பம் குவியத் தொலைவைவிட அருகில் விழாது. இங்கே 10-க்குக் குறைவாக எது வந்தாலும் தப்புதான். இந்த ஒரு வரியைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள்.

படி 2: மூடுவதற்கு முன்பே குறிப்பை எழுதுங்கள்

மூடிவிட்டு எழுத உட்கார்ந்தால், அதற்குள் குழுவில் பத்துக் கேள்வி வந்துவிடும். நான் இப்போது எழுதுவது இப்படி:

> பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு,
> 'லென்சு கணக்குகள்' வீடியோவை இன்று எல்லோருக்கும் பிரைவேட் ஆக்கியிருக்கிறேன். யாருடைய ஃபோனிலும் கோளாறு இல்லை. ஃபீஸுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. மூன்றாவது கணக்கில் நான் சூத்திரத்தைத் தப்பாக எழுதிவிட்டேன். நோட்டில் v = 6 செ.மீ. என்று இருந்தால் அடித்துவிட்டு 30 செ.மீ. என்று எழுதுங்கள். சூத்திரம் 1/f = 1/v − 1/u. முதல் இரண்டு கணக்கும் சரி, அவற்றை மாற்ற வேண்டாம். புது வீடியோ வெள்ளிக்கிழமை மாலை வேறு லிங்கில் வரும்.
> – மிஸ்

'எல்லோருக்கும்' என்ற சொல் முதல் வரியிலேயே வர வேண்டும். எது சரி என்பதையும் கட்டாயம் எழுதுங்கள்; இல்லாவிட்டால் பயந்த பிள்ளைகள் பக்கம் முழுக்க அடித்துவிடுவார்கள். 'சில காரணங்களால்' என்று மட்டும் எழுதாதீர்கள். காரணம் தெரியாத பிள்ளை தன்மேல்தான் தப்பு என்று நினைத்துக்கொள்ளும்.

ஒரு பிள்ளையின் முகமோ மதிப்பெண்ணோ வீடியோவில் விழுந்துவிட்டதால் மூடுகிறீர்கள் என்றால் மட்டும், "வரக்கூடாத ஒரு விவரம் பதிவாகிவிட்டது" என்பதோடு நிறுத்துங்கள். யாருடையது என்று சொல்லவே கூடாது.

படி 3: மூடுங்கள்

கணினியில் `studio.youtube.com` போய், `Content` பட்டியலில் அந்த வீடியோவுக்கு நேரே உள்ள `Visibility`-யைத் தட்டி, `Private` தேர்ந்து `Save` கொடுங்கள். `Unlisted` இங்கே உதவாது. அதில் லிங்க் வைத்திருக்கும் எல்லோரும் பார்க்கலாம், லிங்க் ஏற்கெனவே குழுவில்தானே கிடக்கிறது. அழிக்கவும் வேண்டாம், அழித்தால் யூடியூபிலிருந்து திரும்ப எடுக்க முடியாது.

பழைய லிங்கிலேயே புது வீடியோவை மாற்றி வைக்க யூடியூபில் வழி இல்லை. வேண்டாத பகுதியை வெட்டி எடுக்கலாம், அவ்வளவுதான். அதனால்தான் குறிப்பில் 'வேறு லிங்க்' என்று எழுதினேன்.

படி 4: பார்த்துவிட்டு அனுப்புங்கள்

உங்கள் ஃபோனில் திறந்து பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். உங்கள் கணக்கு என்பதால் வீடியோ வழக்கம்போல ஓடும். `Incognito` விண்டோவில் லிங்கைப் போட்டுப் பாருங்கள். அங்கே திறக்காவிட்டால்தான் மூடியிருக்கிறது.

பிறகு குறிப்பைக் குழுவில் போட்டு, 7 நாளுக்கு `Pin` செய்யுங்கள். எழுத்துப்பிழை கண்ணில் பட்டால் 15 நிமிடத்துக்குள் திருத்தலாம், அதற்குமேல் வாட்ஸ்அப் விடாது.

எங்கள் பிள்ளைகளில் சிலருக்கு வீட்டில் ஒரே ஃபோன். விடியுமுன்பே அது அப்பாவோடு காசிமேட்டுக்குப் போய்விடும். அதனால் அதே குறிப்பைத் தாளிலும் பெரிய எழுத்தில் எழுதி, மாடிப்படிக் கதவில் ஒட்டிவிடுகிறேன். வகுப்பு தொடங்கியதும் முதல் ஐந்து நிமிடம் நோட்டைத் திறக்கச் சொல்லி, அந்த 6 அடிபட்டிருக்கிறதா என்று ஒவ்வொரு நோட்டாகப் பார்க்கிறேன்.