ரிமைண்டர் அடித்தும் நேரம் தவறுவது ஏன்?

காலண்டரில் எதையாவது குறித்ததும் அது தானாகவே ஒரு ரிமைண்டரை வைத்துவிடும். பெரும்பாலும் 10 நிமிடமோ 30 நிமிடமோ முன்னால் அடிக்கும். ஆன்லைன் மீட்டிங்குக்கு அது சரி. காலை 6:10 மணி விமானத்துக்கு அதே 30 நிமிடம் என்றால் மணி 5:40க்கு அடிக்கும். உள்நாட்டு விமானங்களுக்குப் பொதுவாகப் புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்பே செக்-இன் கவுன்டரை மூடிவிடுவார்கள். ஏறும் கேட் 25 நிமிடம் முன்பு மூடப்படும். அதாவது 5:40க்கு கவுன்டர் மூடி அரை மணி ஆகியிருக்கும், கேட் மூட ஐந்து நிமிடம்தான் இருக்கும்.

நாம் செய்யும் முதல் தவறு இதுதான்: நிகழ்ச்சி தொடங்கும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுகிறோம். எண்ண வேண்டியது, நம் கையில் இருக்கும் வேலையைக் கடைசியாக எப்போது செய்ய முடியும் என்பதிலிருந்து.

அதே 6:10 விமானத்தையே எடுத்துக்கொள்வோம். காஞ்சிபுரத்திலிருந்து சென்னை விமான நிலையத்துக்குப் போகிறீர்கள், கையில் செக்-இன் பெட்டி இருக்கிறது. கவுன்டர் மூடுவது 5:10. அதிகாலை வரிசைக்கு 50 நிமிடம் ஒதுக்கினால் 4:20க்கு வாசலில் இருக்க வேண்டும். பின்னிரவுப் பயணத்துக்கு ஒன்றரை மணி நேரம் என்று வைத்தால் வீட்டிலிருந்து 2:50க்குக் கிளம்ப வேண்டும். அப்படியானால் 1:50க்கு எழ வேண்டும்.

இப்போது பாருங்கள், உருப்படியான வேலை எல்லாமே முந்தைய நாளில் இருக்கிறது. நள்ளிரவு தாண்டி வண்டி வேண்டும் என்றால் அதை அன்று மாலைக்குள் பேசி முடிக்க வேண்டும். பவர் பேங்கை செக்-இன் பெட்டியில் வைக்கக் கூடாது, கைப்பைக்கு மாற்ற வேண்டும். எட்டு மணிக்காவது படுக்க வேண்டும். ஆகவே முந்தைய நாள் மாலை 4 மணிக்கு ‘வண்டியை உறுதி செய், பவர் பேங்க் கைப்பையில்’ என்று ஒரு ரிமைண்டர் வையுங்கள். வெப் செக்-இன் திறக்கும் நேரத்துக்கு இன்னொன்று போதும். பல நிறுவனங்கள் 48 மணி நேரத்துக்கு முன்பே திறக்கின்றன, உங்கள் டிக்கெட்டில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். 1:50க்கு எழுப்புவதற்குக் காலண்டரை நம்ப வேண்டாம். அதற்குக் கடிகாரச் செயலியின் அலாரம்தான் வேண்டும். ‘தொந்தரவு செய்யாதே’ என்று போனை வைத்துவிட்டுத் தூங்கினால் காலண்டர் அறிவிப்பு ஒலிக்காமல் போகும். அலாரம் பொதுவாக ஒலிக்கும்.

நள்ளிரவுக்குப் பிறகு கிளம்பும் விமானங்களில் தேதியே ஏமாற்றிவிடும். டிக்கெட்டில் 15ஆம் தேதி 00:40 என்று இருந்தால் வீட்டைவிட்டுக் கிளம்புவது 14ஆம் தேதி மாலையோ இரவோதான். ‘15ஆம் தேதி காலை’ என்று ரிமைண்டர் வைப்பவருக்கு அது அடிக்கும்போது விமானம் போய்விட்டிருக்கும்.

வெளிநாட்டிலிருந்து திரும்பும் விமானத்தில் இன்னொரு சிக்கல். சிங்கப்பூர் நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது. சென்னையில் உட்கார்ந்து, அங்கிருந்து திரும்பும் விமானத்தைக் காலை 10:00 என்று சாதாரணமாகக் குறித்தால், காலண்டர் அதை இந்திய நேரமாக எடுத்துக்கொள்ளும். அங்கே போய் இறங்கியதும் அதே குறிப்பு 12:30 என்று காட்டும். நான்கு மணி நேரம் முன்னால் என்று வைத்த ரிமைண்டர் 6:00க்கு அடிக்காமல் 8:30க்கு அடிக்கும். குறிக்கும்போதே நேர மண்டலத்தைச் சிங்கப்பூர் என்று மாற்றிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

பில் விஷயத்தில் கணக்கே வேறு. அங்கே தூரம் கிடையாது, பணம்தான் பிரச்சினை. தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணத்தை, கணக்கெடுத்த நாளிலிருந்து 20 நாளுக்குள் கட்ட வேண்டும். ஜூன் 14 கணக்கெடுத்தால் ஜூலை 4 கடைசி. ‘ஒரு வாரம் முன்னால்’ என்ற வழக்கப்படி ரிமைண்டர் ஜூன் 27 அடிக்கும். மாதக் கடைசி, கணக்கில் பணம் இல்லை, அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிவிடுவோம். தள்ளிய ரிமைண்டர் திரும்ப வராது. சம்பளம் 1ஆம் தேதி வருமானால் ரிமைண்டரும் ஜூலை 1 மாலைதான் அடிக்க வேண்டும். கட்டவில்லை என்றால் மட்டும் பார்க்க, ஜூலை 3 காலைக்கு இன்னொன்று. ஒருமுறை UPI சிக்கிக்கொண்டாலும் வேறு வழியில் கட்ட அந்த ஒன்றரை நாள் உதவும். ‘60 நாளுக்கு ஒருமுறை’ என்று தானாகத் திரும்பும்படி இதை வைக்காதீர்கள். கணக்கெடுக்கும் நாள் முன்பின் நகரும், ரிமைண்டர் மெல்ல மெல்லத் தப்பிப்போகும். எஸ்எம்எஸ் வந்ததும் அதிலுள்ள தேதியைப் பார்த்துப் புதிதாக வைப்பதே நல்லது.

கிரெடிட் கார்டுக்கு, கடைசித் தேதிக்கு மூன்று நாள் முன்னால் வையுங்கள். வேறு வங்கியிலிருந்தோ செயலியிலிருந்தோ அனுப்பும் பணம் கார்டு கணக்கில் ஏற நேரம் பிடிக்கலாம். கடைசித் தேதி கடந்து மூன்று நாளுக்கு மேல் ஆனால்தான் தாமதக் கட்டணம் போடலாம் என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. அதை நம்பி ரிமைண்டரைத் தள்ளிப்போடக் கூடாது. மூன்று நாளைத் தாண்டிவிட்டால் கட்டணத்தைப் பழைய கடைசித் தேதியிலிருந்தே கணக்கிடுவார்கள்.

தானாகக் கழியும் EMIக்குப் பலரும் கழியும் நாளிலேயே ரிமைண்டர் வைக்கிறார்கள். அது வீண். காலையிலேயே கழிக்க முயன்று, பணம் இல்லையென்று திரும்பி, அபராதமும் விழுந்த பிறகு உங்களுக்கு மணி அடிக்கும். முந்தைய நாள் மதியம், ‘கணக்கில் இவ்வளவு இருக்கிறதா பார்’ என்று தொகையோடு எழுதி வையுங்கள்.

தேர்வுக்கு வந்தால், அதிகம் முன்கூட்டியே வைப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. நீட் 2025 மே 4, ஞாயிற்றுக்கிழமை நடந்தது. அனுமதிச் சீட்டு வெளியானது ஏப்ரல் 30. ‘அனுமதிச் சீட்டை எடு’ என்று ஏப்ரல் 20க்கே வைத்திருந்தால், அன்று செய்ய ஒன்றுமே இல்லை. மாணவர் அதை மூடிவிடுவார், சீட்டு வந்த நாளில் நினைவூட்ட எதுவும் இருக்காது. இப்படி வெளியாகும் தேதி நம் கையில் இல்லாதவற்றுக்கு, தேர்வுக்கு ஐந்து நாள் முன்னாலிருந்து தினமும் ஒருமுறை அடிக்கும்படி வைத்து, எடுத்ததும் நீக்கிவிடலாம்.

கடைசி ரிமைண்டரைக் கடை திறந்திருக்கும் நாளில் வைக்க வேண்டும். நீட் அனுமதிச் சீட்டோடு ஒட்ட அஞ்சலட்டை அளவு புகைப்படம் கேட்கிறார்கள். ஞாயிறு காலை அது ஞாபகம் வந்தால் ஸ்டுடியோவைத் தேடி அலைய வேண்டும். வெள்ளி மாலை 5 மணி என்றால் அன்றே முடியாவிட்டாலும் சனிக்கிழமை இருக்கிறது. சனிக்கிழமை தேர்வு மையத்தை ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிடவும் முடியும். தேர்வு நாளன்று எண்ண வேண்டியது தேர்வு தொடங்கும் 2 மணியிலிருந்து அல்ல, வாசல் மூடும் 1:30லிருந்து. அனுமதிச் சீட்டில் உங்களுக்கு என்று போட்டிருக்கும் வருகை நேரம் அதற்கும் முந்தியது என்றால் அதிலிருந்து.

விமான நிறுவனம் நேரத்தை மாற்றினாலோ தேர்வு தள்ளிப்போனாலோ, காலண்டர் நிகழ்ச்சியோடு இணைத்த ரிமைண்டர்கள், நிகழ்ச்சியின் நேரத்தைத் திருத்தியதும் கூடவே நகரும். தனியாகக் கடிகாரச் செயலியில் வைத்த அலாரமும், ‘வண்டியை உறுதி செய்’ போலத் தனிக் குறிப்பாகப் போட்டவையும் பழைய நேரத்திலேயே நிற்கும். மாற்றச் செய்தி வந்த கையோடு அவற்றைத் தேடித் திருத்த வேண்டும்.