மில்லி நொடியும் மாத்திரையும்: இரு தலைமுறைப் பேச்சின் உயிரொலி நீளம் குறித்த ஆய்வுச் சுருக்கத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கருத்தரங்கின் போஸ்டர் அமர்வுக்காக ஒருவர் இப்படி ஒரு சுருக்கம் எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம்: "நாகர்கோவில் நகர இளைஞர்களின் இயல்பான பேச்சில் நெடில் உயிர்கள் குறுகி வருகின்றன. பெற்றோர் தலைமுறையில் சராசரியாக 160 மில்லி நொடி நீடிக்கும் ஆகாரம், பிள்ளைகளின் பேச்சில் 128 மில்லி நொடியாகக் குறைந்துள்ளது. இது குறில், நெடில் வேறுபாடு மங்கிவருவதைக் காட்டுகிறது." எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. ஆனால் வாதத்தின் இந்த அமைப்பை மாணவர்களின் வரைவுகளில் பலமுறை பார்த்திருக்கிறேன். மூன்று வாக்கியங்களும் தெளிவாக இருக்கின்றன. இருந்தும் மூன்றாவது வாக்கியத்துக்கு முதல் இரண்டில் எந்த ஆதாரமும் இல்லை.

குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை என்று இலக்கணம் சொல்லும்போது அது ஓர் உறவைத்தான் சொல்கிறது. மெதுவாகப் பேசுபவருடைய குறில், வேகமாகப் பேசுபவருடைய நெடிலுக்கு நிகராக நீண்டாலும் கேட்பவருக்குக் குழப்பம் வருவதில்லை, ஏனெனில் ஒவ்வொருவருடைய நெடிலையும் அவரவருடைய குறிலோடும் அவரவருடைய வேகத்தோடும் பொருத்தித்தான் காது கேட்கிறது. ஆகவே இளைஞரின் நெடிலை எடுத்துப் பெற்றோரின் நெடிலோடு நேரடியாக ஒப்பிடுவதே முதல் தவறு. மற்றத் தவறுகளில் பல இதிலிருந்து கிளைப்பவை.

மேலே உள்ள எடுத்துக்காட்டையே தொடர்ந்து பார்ப்போம். ஆசிரியர் அகரத்தையும் அளந்திருந்தார் என்றும், அது பெற்றோரிடம் 80 மில்லி நொடியாகவும் பிள்ளைகளிடம் 64 மில்லி நொடியாகவும் இருந்தது என்றும் கொள்வோம். 160-ஐ 80-ஆல் வகுத்தால் 2. 128-ஐ 64-ஆல் வகுத்தாலும் 2. நெடில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது, குறிலும் அதே அளவு குறைந்திருக்கிறது, வேறுபாடு அப்படியே இருக்கிறது. இடைநிறுத்தங்களை நீக்கிவிட்டு எண்ணும்போது பெற்றோர் நொடிக்கு 5 அசைகளும் பிள்ளைகள் 6.25 அசைகளும் பேசுகிறார்கள் என்றால், ஓர் அசைக்கான சராசரி நேரம் 200 மில்லி நொடியிலிருந்து 160 ஆகிறது. அதுவும் அதே ஐந்தில் ஒரு பங்குதான். இந்த ஆய்வு கண்டுபிடித்தது இளைஞர்கள் வேகமாகப் பேசுகிறார்கள் என்பதை மட்டுமே.

சரி, விகிதத்தைக் கணக்கிட்டுவிட்டால் போதுமா? போதாது, இங்கேதான் கவனமானவர்களும் சறுக்குகிறார்கள். பேச்சு வேகம் கூடும்போது நெடிலும் குறிலும் எப்போதும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. சுருங்குவதற்கு நெடிலில் இடம் அதிகம்; குறில் ஏற்கெனவே குறுகியதாக இருப்பதால், நாவும் தாடையும் அசைந்து ஓர் உயிரொலியை உருவாக்கத் தேவையான நேரத்துக்குக் கீழே அதை எளிதில் தள்ள முடியாது. ஆகவே இளைஞரின் நெடில் 112 ஆகவும் குறில் 64 ஆகவும் இருந்து விகிதம் 1.75-க்கு இறங்கியிருந்தாலும், அது தலைமுறையின் விளைவா வேகத்தின் விளைவா என்ற கேள்வி எஞ்சுகிறது. இதைப் பிரித்தறிய ஒரு நல்ல வழி உண்டு. பெற்றோருடைய பதிவுகளுக்குள்ளேயே அவர்கள் உற்சாகமாகி வேகமெடுக்கும் பகுதிகளைத் தனியே எடுத்துப் பாருங்கள். நொடிக்கு 6 அசைகளைத் தாண்டும்போது அவர்களுடைய விகிதமும் 1.75 அருகே வந்துவிட்டால், கண்டது வேகம். அந்த வேகத்திலும் அவர்கள் 1.95 என்ற அளவில் நின்றால், தலைமுறை வேறுபாடு என்று பேச ஒரு காரணம் கிடைக்கிறது.

புள்ளியியல் மாதிரியில் இதையே கேட்பதானால், நீளத்தை மடக்கையாக மாற்றிக்கொண்டு, குறில் நெடில் வகையும் தலைமுறையும் ஒன்றையொன்று பாதிப்பதைக் காட்டும் உறுப்பைப் பார்க்க வேண்டும். மடக்கையில் விகிதங்கள் கழித்தல்களாக மாறிவிடுவதால், அந்த ஓர் உறுப்புதான் விகிதம் தலைமுறைக்குத் தலைமுறை மாறுகிறதா என்பதற்கான விடை. R மொழியின் lme4 தொகுப்பில் அது இப்படி இருக்கும்; `dur` நீளம், `length` குறில் நெடில் வகை, `gen` தலைமுறை, `rate` பேச்சு வேகம்.

```
lmer(log(dur) ~ length*gen + length*rate +
     (1 + length | speaker) + (1 | word), data = d)
```

இதில் `length:gen` என்பதுதான் சுருக்கத்தில் இடம்பெற வேண்டிய எண். `gen` மட்டும் தனியே காட்டும் விளைவு, வேகத்தைக் கணக்கில் கொண்டபின் ஒரு வகை உயிரின் நீளத்தில் தலைமுறைகளுக்கிடையே எஞ்சும் வேறுபாடுதான், விகிதத்தைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை; அதைத் தலைப்பாக்கக் கூடாது. வேகத்தைக் கணக்கிடும்போது, அளக்கப்படும் அசையை விட்டுவிட்டு அந்தத் தொடரின் மற்ற அசைகளிலிருந்து கணக்கிடுங்கள்; இல்லாவிட்டால் நீண்ட உயிரொலி ஒன்று தன் தொடரையே மெதுவானதாகக் காட்டித் தன்னைத் தானே விளக்கிக்கொள்ளும். பேசுபவரை மாதிரியில் சேர்ப்பதும் முக்கியம். பன்னிரண்டு பேரிடம் ஆயிரம் உயிரொலிகள் அளந்திருந்தாலும், தலைமுறையைப் பற்றிப் பேசும்போது உங்களிடம் இருப்பது பன்னிரண்டு பேர்தான்.

அடுத்தது எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு, ஏனெனில் இது இந்த மாவட்டத்துப் பேச்சை அறிந்தவர்களே செய்வது. வீட்டில் தாய் "வாறேன்", "தாறேன்" என்கிறார். கல்லூரிக்குப் போகும் மகன் நண்பர்களிடம் "வரேன்", "தரேன்" என்கிறான். வினைச்சொல் ஒன்றுதான், பொருளும் ஒன்றுதான், முதல் அசையின் உயிர் நெடிலிலிருந்து குறிலாகியிருக்கிறது. இதை உயிரொலிக் குறுக்கம் என்று எண்ணிக்கையில் சேர்த்துவிட்டால் முடிவு மிக அழகாக வரும். ஆனால் மகன் நெடிலைக் குறுக்கவில்லை. தென்மாவட்ட வடிவத்தை விட்டுவிட்டு, சினிமாவிலும் தொலைக்காட்சியிலும் கேட்கும் பொது வடிவத்தை எடுத்துக்கொண்டிருக்கிறான். அந்தக் குறில் வேறொரு வடிவத்துக்கு உரிய குறில். அவனே "காசு", "மாமா" என்று சொல்லும்போது ஆகாரம் முழு நீளத்தோடு வருவதைப் பார்த்தால் இது விளங்கும். வடிவம் மாறுவது ஓர் ஆய்வுப்பொருள்தான், அதற்குத் தனியாக ஒரு போஸ்டரே போடலாம். ஆனால் அங்கே எண்ண வேண்டியது எத்தனை முறை எந்த வடிவம் வந்தது என்பதை. உயிரொலி நீளம் பற்றிய சுருக்கத்தில் "வாறேன்", "தாறேன்" போன்றவற்றை நீக்கிவிட்டு, நீக்கியதை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடுவதே நேர்மை.

இதோடு சேர்ந்ததுதான் எழுத்தைப் பார்த்து வகை பிரிப்பது. "வந்தாள்", "வந்தால்" இரண்டுமே பேச்சில் "வந்தா" ஆகின்றன. "போகலாம்" என்பது "போலாம்" ஆகிறது. "இல்லை" என்பது "இல்ல" ஆகிறது. "வந்தான்" என்பதில் ஈற்று மெய் கரைந்து உயிர் மூக்கொலியாகிறது. சொல்லின் இறுதியில் எது நெடில், எது குறில், உயிரொலி எங்கே முடிகிறது என்று முடிவு செய்வதே தனி ஆய்வாகிவிடும். முதல் போஸ்டருக்குச் சொல்லின் முதல் அசையோடு நின்றுவிடுவது நல்லது. அதிலும் "காசு", "பாடம்", "கடை", "படம்" போல இருபுறமும் வெடிப்பொலியோ உரசொலியோ உள்ள சொற்களைத் தேர்ந்தால், பிராட் மென்பொருளின் அலைவடிவத்தில் உயிரொலியின் தொடக்கமும் முடிவும் தெளிவாகத் தெரியும். "மழை", "வாழை" போன்றவற்றில் எல்லை எங்கே என்று இருவர் இரு இடத்தில் கோடு போடுவார்கள்.

இயல்பான பேச்சு என்று சுருக்கத்தில் எழுதிவிடுவது எளிது. ஆனால் பதிவு எப்படி நடந்தது என்று கேட்டால், பிள்ளைகள் நண்பர்களோடு அரட்டை அடித்ததைப் பதிவு செய்ததாகவும், பெற்றோரிடம் ஆய்வாளர் கேள்வி கேட்டு விடை வாங்கியதாகவும் பதில் வருகிறது. கேள்விக்கு விடை சொல்பவர் "ஆமா, வடசேரிதான்", "முந்தி கோட்டாறுல கடை" என்று சிறு சிறு தொடர்களாகப் பேசுவார். தொடர் சிறிதாக இருந்தால் இடைநிறுத்தத்துக்கு முந்தைய சொற்களின் பங்கு கூடும். அந்த இடத்தில் உயிரொலிகள் இயல்பாகவே நீளும். பெற்றோரின் நீண்ட ஆகாரத்தில் ஒரு பகுதி இப்படி நேர்காணலிலிருந்து வந்திருக்கலாம். இரு தலைமுறையினரையும் ஒரே முறையில், அவரவர் வயதொத்த பழகியவரோடு பேசவிட்டுப் பதிவு செய்யுங்கள். முதல் சில நிமிடங்களை விட்டுவிடுங்கள். இடைநிறுத்தத்துக்கு நேர்முன் வரும் சொற்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள். "எவ்வளவு தூஊரம்" என்று உணர்ச்சியில் இழுப்பதையும், தெருவில் "லேய்", "மக்களே" என்று கூப்பிடுவதையும் அளபெடை என்று தனியே குறித்து விலக்குங்கள். இளைஞர் பதிவுகளில் இவை நிறைய வரும்.

நகரம் என்ற சொல்லும் விளக்கம் வேண்டுவது. இன்று நாகர்கோவிலில் வசிக்கும் ஒரு குடும்பத்தில் தந்தை விளவங்கோடு பக்கத்திலும் தாய் தோவாளை பக்கத்திலும் வளர்ந்திருக்கலாம். மேற்கே மலையாளத்தோடு நெருங்கிய பேச்சும் கிழக்கே நாஞ்சில் நாட்டுப் பேச்சும் ஒன்றல்ல. பெற்றோர் பல இடத்தவராகவும் பிள்ளைகள் எல்லோரும் நகரில் வளர்ந்தவர்களாகவும் இருந்தால், அளந்தது தலைமுறையா ஊரா என்று யாராலும் சொல்ல முடியாது. வளர்ந்த இடத்தைக் கேட்டு, இரு தலைமுறையும் நகரிலேயே வளர்ந்த குடும்பங்களை மட்டும் எடுத்தால் எண்ணிக்கை குறையும். ஆனால் கேள்வி தெளிவாகும்.

ஒரே ஆண்டில் பதிவு செய்த இரு வயதினரை வைத்து "குறைந்துவருகிறது" என்று எழுதுவதையும் தவிர்க்க வேண்டும். இருபது வயதில் வேகமாகப் பேசியவர் ஐம்பது வயதில் நிதானமாகப் பேசலாம். வயது வேறுபாடு என்று எழுதுங்கள். மாற்றம் என்பது ஒரு விளக்கமாக இறுதி வாக்கியத்தில் இருக்கட்டும்.

இவற்றையெல்லாம் உள்வாங்கினால் தொடக்கத்தில் தந்த சுருக்கம், அதே கற்பனை எண்களோடு, ஏறத்தாழ இப்படி மாறும்: "நாகர்கோவிலில் வளர்ந்த ஆறு பெற்றோரும் அவர்களுடைய ஆறு பிள்ளைகளும் வயதொத்த நண்பர்களோடு உரையாடிய பதிவுகளில், முதலசையில் வரும் அகர, ஆகார நீளங்களை அளந்தோம். இடைநிறுத்தத்துக்கு முந்தையவை, அளபெடைகள், வாறேன், வரேன் போல இரு வடிவம் உள்ள வினைகள் ஆகியவற்றை விலக்கினோம். பிள்ளைகளின் ஆகாரம் குறுகியதாக இருப்பினும் (128, 160 மில்லி நொடி), அகரமும் அதே அளவில் குறுகியிருப்பதால் நெடில், குறில் விகிதம் இரு தலைமுறையிலும் 2 என்றே உள்ளது. நீள வேறுபாடு பேச்சு வேகத்தோடு ஒத்துச் செல்கிறது. பன்னிரண்டு பேரே பங்கேற்றதால் விகிதத்தில் சிறு வேறுபாடு இருப்பின் இத்தரவு அதைக் காட்டப் போதாது."

இதற்குத் தலைப்பு வைக்கும்போது "நெடில் குறுகுகிறதா?" என்ற கேள்வியைவிட "வேகமும் விகிதமும்" என்று அளந்ததையே சொல்வது நல்லது, ஏனெனில் போஸ்டர் அரங்கில் பலர் தலைப்பை மட்டும் படித்துவிட்டு நகர்கிறார்கள், அவர்கள் கொண்டுசெல்வது அந்த ஒரு வரியைத்தான்.