குஞ்சு கத்தினால் பல்பை இறக்குங்கள்

தண்டையார்பேட்டை மொட்டைமாடியில் மார்கழி வாடையில் 20 கோழிக்குஞ்சுகள் வளர்த்தபோது கற்றது இது. இரண்டு அங்குலம் காய்ந்த உமி பரப்பி, 100 வாட் குண்டு பல்பை ஒன்றரை அடி உயரத்தில் கட்டினேன். (எல்.இ.டி. பல்பு சூடு தராது.) வெப்பமானியைக் குஞ்சின் முதுகு மட்டத்தில் வையுங்கள். முதல் வாரம் 33 முதல் 35 டிகிரி செல்சியஸ் வேண்டும், அப்புறம் வாரத்துக்கு 3 டிகிரி குறைக்கலாம்.

அன்று ராத்திரி எல்லாம் பல்புக்கடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, விடாமல் கீச்சிட்டன. காலைத் தொட்டால் ஜில்லென்று இருந்தது. பல்பை மூன்று அங்குலம் இறக்கி, காற்று வந்த பக்கம் அட்டை வைத்தேன். அரை மணியில் பரவிப் படுத்துவிட்டன. மாறாக, ஓரத்துக்கு ஓடி வாய் பிளந்தால் சூடு அதிகம், பல்பை ஏற்றுங்கள். உமி நனைந்தால் உடனே மாற்றிவிடுங்கள், ஈரத்தில் அடிவயிறு குளிர்ந்துவிடும்.