வாட்ஸ்அப்பில் வந்த ஏபிகே ஃபைலைத் தொட்டதும் 'Allow from this source' என்று போன் கேட்டால்

ஆன் செய்யாதீர்கள். ஏற்கெனவே செய்திருந்தால் செட்டிங்ஸ் தேடலில் Install unknown apps என்று தட்டி, வாட்ஸ்அப், குரோம், ஃபைல் மேனேஜர் எல்லாவற்றுக்கும் ஆஃப் செய்துவிடுங்கள்.

ஆண்ட்ராய்டு 8 முதல் இந்த அனுமதி நிறுவப்படும் ஆப்புக்கு இல்லை, அந்த ஃபைலைத் திறக்கிற ஆப்புக்குத்தான். வாட்ஸ்அப்புக்கு ஒருமுறை கொடுத்துவிட்டால் நாமாக அணைக்கும்வரை அப்படியே இருக்கும். கிருஷ்ணகிரி–ஓசூர் ரோட்டில் தினமும் பைக்கில் போகிறவருக்கு 'RTO Challan.apk' என்று ஒன்று வருகிறது என்று வையுங்கள். அனுமதி ஆஃபில் இருந்தால் போன் அங்கேயே நிறுத்தி எச்சரிக்கும், ஆனில் இருந்தால் நேராக Install பட்டன்தான்.

நிறுவியதோடு பணம் போய்விடாது. அடுத்து அந்த ஆப் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும், அதைக் கொடுத்தால் பேங்க் ஓடிபி மோசடிக்காரர்கள் கைக்குப் போகும். அபராதம் காட்டும் ஆப்புக்கு நம் எஸ்எம்எஸ் எதற்கு?

ஏற்கெனவே உள்ளே வந்துவிட்ட ஆப்பை இந்த ஸ்விட்ச் தடுக்காது. அதற்கு முதலில் ஏரோபிளேன் மோட் போட்டு (வைஃபையும் அணைந்ததா என்று பாருங்கள்), ஆப்பை நீக்கி, வேறு போனிலிருந்து பேங்குக்கும் சைபர் குற்ற உதவி எண் 1930க்கும் சொல்ல வேண்டும். எஃப்-டிராய்டு மாதிரி தெரிந்த ஸ்டோர் வைத்திருப்பவர்கள் அதற்கு மட்டும் ஆனில் விடலாம், அப்டேட்டுக்கு அது தேவை.