டிம்மரில் எல்இடி குளோப் இரைகிறதா, கண்ணடிக்கிறதா? பழைய ஹாலோஜன் ஒன்றை எடுத்து வையுங்கள்

சாட்ஸ்வர்த்தில் பெரியம்மா வீட்டு லவுஞ்சில் ஆறு ஜியூ10 ஹாலோஜன் குளோப்கள் இருந்தன, ஒவ்வொன்றும் 50 வாட். (டர்பனில் பல்பு என்றால் கடைக்காரர் ஒரு நொடி யோசிப்பார். இங்கே அது குளோப்.) புரட்டாசிக்கு வீட்டைக் கழுவித் துடைத்தபோது ஆறையும் கழற்றிவிட்டு 5 வாட் எல்இடி மாட்டினார். சுவரில் இருந்த, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் பழையதுதான். அன்று இரவே போன் வந்தது.

"வெளிச்சத்தைக் குறைச்சா கூரையில வண்டு பூந்த மாதிரி இரையுதுப்பா. இன்னும் குறைச்சா கண்ணடிக்குது. குளோப் டூப்ளிகேட்டா?"

டூப்ளிகேட் இல்லை. இரைச்சலும் கண்ணடிக்கும் மின்னலும் ஒரே கோளாறு என்று பலர் நினைத்து எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறார்கள். இரண்டுக்கும் காரணம் வேறாக இருக்கலாம். முதலில் அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதல் வேலை, குளோப்பின் பெட்டியைப் படிப்பது. 'டிம்மபிள்' என்று போட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு எல்இடி குளோப்புக்குள்ளும் டிரைவர் என்ற சிறு மின்சுற்று உண்டு. சாதாரண டிரைவர், வரும் மின்சாரம் எப்படியிருந்தாலும் ஒரே அளவு வெளிச்சம் தரப் பார்க்கும். டிம்மர் குறைக்கக் குறைக்க அது ஈடுகட்ட முயன்று, தாங்காமல் அணைந்து, மறுபடி எழும். அதுவே மின்னல். டிம்மபிள் இல்லையென்றால் இங்கேயே நிறுத்திக் குளோப்பை மாற்றுங்கள். பெரியம்மாவுடையது டிம்மபிள்தான்.

அடுத்தது டிம்மர். டிபி போர்டில் அந்த சர்க்கியூட்டை அணைத்து, டெஸ்டரால் பார்த்து உறுதி செய்த பிறகு முகப்புத் தகட்டைக் கழற்றினேன். 60 முதல் 400 வாட் என்று அச்சிட்டிருந்தது. ஹாலோஜன் காலத்தில் 300 வாட் ஓடியது. இப்போது ஆறும் சேர்ந்து 30 வாட்தான். டிம்மர் கேட்கும் குறைந்தபட்சத்தில் பாதி!

இனி சோதனை. மின்சாரத்தை அணைத்து, ஒரே ஒரு எல்இடியைக் கழற்றி அந்த இடத்தில் பழைய 50 வாட் ஹாலோஜனை மாட்டுங்கள். மொத்தம் 75 வாட் ஆனது. பழையபடி குறைத்தேன். மின்னல் நின்றுவிட்டது, இரைச்சல் அப்படியே இருந்தது.

மின்னல் நின்றதால் அதற்குக் காரணம் சுமை போதாமை. டிம்மருக்குள் இருக்கும் டிரையாக் என்ற மின்னணுக் கதவு, தன் வழியே ஓரளவு மின்னோட்டம் ஓடினால்தான் திறந்தே இருக்கும். எல்இடி இழுக்கும் துளி மின்னோட்டம் போதாமல் அது இடையிலேயே மூடிக்கொள்ளும், பிறகு திறக்கும். ஹாலோஜன் மாட்டியும் மின்னினால் சந்தேகம் டிரைவர் மேல்தான் திரும்பும்: இந்த டிம்மரோடு அது ஒத்துப்போகவில்லை.

இரைச்சலுக்கு, குமிழைப் பாதியில் வைத்து நாற்காலிமேல் ஏறிக் காது கொடுத்தேன். சத்தம் குளோப்பிலிருந்து வந்தது. முழு வெளிச்சத்தில் அடங்கியது. நம் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்; அதாவது நொடிக்கு 100 அரை அலைகள். பழைய வகை டிம்மர் ஒவ்வொரு அரை அலையின் முன்பகுதியை வெட்டிவிட்டுத் தாமதமாகத் திறக்கும். பாதியில் வைத்தால் அலை உச்சியில் இருக்கும்போது திறக்கிறது, பூஜ்யத்திலிருந்து ஒரே தாவலில் 325 வோல்ட் வரை. டிரைவருக்குள் உள்ள கெபாசிட்டர் அதை ஒரே மடக்கில் விழுங்கும். அந்த அடி நொடிக்கு 100 தடவை விழுவதால் உள்ளே இருக்கும் சுருளும் கெபாசிட்டரும் அதிர்கின்றன. வண்டு அதுதான்.

ஆகவே வாங்க வேண்டியது 'டிரெய்லிங் எட்ஜ்' வகை டிம்மர். இது அலையின் தொடக்கத்திலேயே திறந்து, பின்பகுதியை வெட்டும்; தாவல் கிடையாது. எல்இடிக்கான குறைந்தபட்ச வாட், உங்கள் மொத்தத்துக்குக் கீழே இருக்கிறதா என்று பாருங்கள். குளோப் தயாரித்தவர்கள் ஒத்துப்போகும் டிம்மர்களின் பட்டியல் தந்திருந்தால் அதிலிருந்தே எடுங்கள். இங்கே நிலையான வயரிங்கில் கைவைக்கப் பதிவுபெற்ற எலெக்ட்ரீசியன் வேண்டும். நான் அந்தத் தொழிலில் இருப்பதால் நானே மாற்றினேன்.

மின்னல் போயிற்று. ஐந்து குளோப்கள் அமைதியாயின. ஆறாவது மட்டும் மெல்ல இரைந்தது. அதை வேறு ஹோல்டருக்கு மாற்றினேன், சத்தமும் கூடவே போனது. ஆகக் குறை அந்தக் குளோப்பில்தான். மாற்றியாயிற்று.

கடைசியாக ஒரு திருப்பம். புது டிம்மரில் குறைந்தபட்ச வெளிச்சத்தை அமைக்கும் சிறு திருகு உண்டு. குமிழை அடிமட்டத்தில் வைத்து, அணைத்துத் திரும்பப் போட்டேன். இரண்டு குளோப்கள் எரியவில்லை. திருகைச் சற்று ஏற்றி, மறுபடி அணைத்துப் போட்டேன். மூன்றாம் தடவை ஆறும் ஒன்றாக எரிந்தன.