ஆங்கிலத்தில் சம்பவம் சொல்லும்போது ‘வாஸ்’ எங்கே வேண்டும்?

எல்லா வினையிலும் ‘வாஸ்’, ‘இங்’ ஒட்டிக்கொண்டால் கதை நகராமல் நின்றுவிடும். நான் திருத்துவது இப்படி: முதலில் எல்லாவற்றையும் சிம்பிள் பாஸ்ட்டில் எழுதிவிடுவேன். பிறகு ஒவ்வொரு வினைக்கும் ஒரே கேள்வி: அடுத்த நிகழ்வு குறுக்கிட்டபோது இது ஏற்கெனவே தொடங்கி, முடியாமல் இருந்ததா? ஆம் என்றால் மட்டும் ‘வாஸ்’, ‘இங்’ சேர்ந்த கன்டினியூவஸ்.

“ஐ வாஸ் குக்கிங் வென் த லைட்ஸ் வென்ட் அவுட். ஐ லிட் எ கேண்டில்.” சமையலின் நடுவே விளக்கு அணைந்தது, அதன்பின் மெழுகுவத்தி ஏற்றினேன். இதையே “வென் த லைட்ஸ் வென்ட் அவுட், ஐ வாஸ் லைட்டிங் எ கேண்டில்” என்று சொன்னால், விளக்கு அணையும் முன்பே மெழுகுவத்தி ஏற்ற ஆரம்பித்துவிட்டதாக ஆகிவிடும். எதனால் எது நடந்தது என்பதே மாறிப்போகிறது.

நம் தமிழ்ப் பழக்கம் காலை வாருவது வேறோர் இடத்தில். ‘அப்போதெல்லாம் நடந்துதான் போய்க்கொண்டிருந்தேன்’ என்று வழக்கத்தையும் நாம் ‘கொண்டிருந்தேன்’ போட்டே சொல்வோம். ஆங்கிலத்தில் அதற்கு “ஐ யூஸ்ட் டு வாக்” அல்லது “ஐ வாக்ட் எவ்ரி டே” போதும். வெறுமனே “ஐ வாஸ் வாக்கிங்” என்று நிறுத்தினால், கேட்பவர் ‘சரி, வழியில் என்ன ஆச்சு?’ என்று காத்திருப்பார்.

‘நோ’, ‘வான்ட்’, ‘பிலீவ்’ போன்ற மனநிலை வினைகளுக்கு ‘முடியாமல் இருந்ததா?’ என்ற அந்த முதல் கேள்வியே பொதுவாகத் தேவையில்லை: “ஐ நியூ”தான், “ஐ வாஸ் நோயிங்” கிடையாது.