ரேஷியோ கீழ இறங்கினா உடனே டிலீஷன்னு எழுதிடாதீங்க: காப்பி நம்பர் பாக்குறப்போ நடக்குற தவறுகள்

ஒரு ஜீன் பேனல் ரிசல்ட் வருது, ரேஷியோ கிராஃப்ல பெரும்பாலான எக்ஸான் பூஜ்யம் பக்கத்துல நேரா நிக்குது, ஒரு ஜீனோட முதல் எக்ஸான் -0.9க்கு விழுந்திருக்கு. அதே ஜீன்ல 5, 6, 7 எக்ஸானும் -0.95 பக்கத்துல இருக்கு. ரெண்டு இடத்துலயும் ஒரு காப்பி போயிடுச்சுன்னுதான் பாத்த உடனே தோணும். ஆனா இதுல ஒண்ணுதான் நிஜம். எது நிஜம்னு எப்படி பிரிக்கிறது, வழியில எங்கெல்லாம் கால் வழுக்கும்னு இதே உதாரணத்த வச்சே சொல்றேன்.

அடிப்படை சின்ன விஷயம்தான். ஆண்களோட எக்ஸ், ஒய் குரோமோசோம விட்டுட்டா, பொதுவா ஒவ்வொரு இடத்துலயும் நமக்கு ரெண்டு காப்பி டிஎன்ஏ இருக்கு. ஒரு காப்பி இல்லன்னா அந்த இடத்துல இருந்து வர்ற ரீட், அதாவது சீக்வென்ஸர் படிக்கிற துண்டுகள், பாதியாகும், ஒண்ணு கூடுதலா இருந்தா ஒன்றரை மடங்காகும். அர்ரே சிப்ல ரீட் எண்ணிக்கைக்கு பதிலா, புரோப்ங்கிற சின்ன டிஎன்ஏ துண்டுல ஒட்டின டிஎன்ஏவோட வெளிச்சம், கணக்கு அதேதான். சாம்பிளோட அளவ, ஒப்பிடுறதுக்கு வச்சிருக்குற ரெஃபரன்ஸோட அளவால வகுத்து லாக் எடுத்தா இப்படி வரணும்:

```
log2(1/2) = -1
log2(2/2) =  0
log2(3/2) =  0.58
log2(4/2) =  1
```

இங்கயே ஒரு தவறு ஒளிஞ்சிருக்கு. ஒரு காப்பி குறைஞ்சா -1, ஆனா ஒண்ணு கூடினா +1 இல்ல, 0.58தான், அதனால மேலயும் கீழயும் ஒரே அளவு கோடு போட்டு (உதாரணமா ±0.7) அதத் தாண்டினாதான் கணக்குல எடுப்பேன்னு வச்சா டிலீஷன் எல்லாம் மாட்டும், டூப்ளிகேஷன் ஒண்ணு கூட மாட்டாது. அர்ரேல இது இன்னும் மோசம். வேற இடத்து டிஎன்ஏவும் புரோப்ல கொஞ்சம் ஒட்டும், வெளிச்சமும் ஒரு அளவுக்கு மேல ஏறாது, அதனால சிக்னல் சுருங்கிப் போயிடும். ஆளுக்கு ஆள் ஒரு எழுத்து மாறுற இடங்கள, அதாவது எஸ்என்பிகளப் பாக்குற அர்ரேல ஒரு காப்பி இழப்பு பல நேரம் -0.5 பக்கத்துலதான் நிக்கும், டூப்ளிகேஷன் 0.3 பக்கத்துல. -1 வரலையே, அப்போ பாதி செல்லுலதான் டிலீஷன் இருக்குபோலன்னு மொசைக்னு எழுதுறவங்க இருக்காங்க. முதல்ல அந்த அர்ரேல ஏற்கனவே தெரிஞ்ச டிலீஷன் எந்த அளவுக்கு இறங்குதுன்னு பாக்கணும், அதுக்கப்புறம்தான் மொசைக் பேச்சு.

இப்போ நம்ம கேஸுக்கு வருவோம். ஆறாவது எக்ஸான்ல சாம்பிளுக்கு 150 ரீட், ரெஃபரன்ஸுக்கு சராசரி 240. நேரா வகுத்தா 0.625, லாக் -0.68. ஒரு காப்பியும் இல்லாம ரெண்டு காப்பியும் இல்லாம நடுவுல தொங்குது. ஆனா சாம்பிளுக்கு மொத்தம் 1 கோடி ரீட், ரெஃபரன்ஸுக்கு 80 லட்சம்தான். அப்போ சாம்பிள் அளவுக்கு ரெஃபரன்ஸ ஏத்தினா 240 இல்ல, 300. 150ஐ 300ஆல வகுத்தா சரியா பாதி, லாக் -1. மொத்த ரீட்ட சமன் பண்ணாம ரேஷியோ போடுறது கத்துக்குட்டிங்க மட்டும் பண்ற தவறு இல்ல, அவசரத்துல ரீட் எல்லாம் அடுக்கி வச்சிருக்குற பிஏஎம் ஃபைல ரெண்டு ஜன்னல்ல திறந்து வச்சு கண்ணாலயே உயரத்த ஒப்பிடுற எல்லாரும் பண்றாங்க.

அடுத்தது ரெஃபரன்ஸுக்குள்ள யார் இருக்காங்கன்னு பாக்காம விடுறது. என்னப் பொறுத்தவரை இதுதான் பெரிய தவறு, ஏன்னா கிராஃப்ல எதுவும் தப்பா தெரியாது. ரேஷியோங்கிறது ரெண்டு பேருக்கு நடுவுல இருக்குற வித்தியாசம், நம்ம சாம்பிளோட குணம் மட்டும் இல்ல. அஞ்சு பேர் சராசரிய ரெஃபரன்ஸா வச்சு அதுல நம்ம சாம்பிளும் தெரியாம கலந்துட்டா சராசரி 1.8 காப்பி ஆயிடும், நம்ம டிலீஷன் -1க்கு பதிலா -0.85ன்னு மங்கிப் போகும். ரெண்டே ரெண்டு சாம்பிள ஒப்பிடுற அர்ரேல அம்மாவோட டிஎன்ஏவ ரெஃபரன்ஸா வச்சா, அம்மாகிட்ட இருந்து வந்த டிலீஷன் அப்படியே காணாமப் போயிடும், ரெண்டு பேருக்கும் ஒரு காப்பிதான், ரேஷியோ பூஜ்யம். இதோட மறுபக்கமும் உண்டு: ரெஃபரன்ஸ் ஆளுக்கு அங்க டிலீஷன் இருந்தா, நார்மலா ரெண்டு காப்பி வச்சிருக்குற நம்ம சாம்பிள் +1ன்னு மேல குதிக்கும். நாலு காப்பி இருக்குன்னு ரிப்போர்ட் போயிடும். அதனால ஒரே ரன்ல, ஒரே கிட்ல பண்ணின, சொந்தக்காரங்க இல்லாத பல சாம்பிளோட மீடியன் எடுக்கணும், எக்ஸ் குரோமோசோமுக்கு ஆண் பெண் தனித்தனியா. வேற மாசம் வேற கிட் லாட்ல பண்ணினத எடுத்தா ஜிசி, அதாவது G, C எழுத்துகள், அதிகமா இருக்குற இடமெல்லாம் சேர்ந்தே அலை மாதிரி ஏறி இறங்கும்.

அந்த ஜிசி விஷயம்தான் நம்ம முதல் எக்ஸானோட கதை. நிறைய ஜீன்ல முதல் எக்ஸான் ஜிசி அதிகமா இருக்குற இடத்துல உக்காந்திருக்கும், பிசிஆர்ல அந்தத் துண்டு சரியா பெருகாது, கேப்சர்லயும் கம்மியாத்தான் மாட்டும். எல்லா சாம்பிளுக்கும் ஒரே அளவு குறைஞ்சா ரேஷியோல அது அடிபட்டுப் போயிடும், ஆனா டிஎன்ஏ கொஞ்சம் உடைஞ்சிருந்தா, லைப்ரரி பண்றப்போ பிசிஆர் சுத்து கூடக்குறைய ஆனா, அந்த சாம்பிள்ல மட்டும் இன்னும் கூடுதலா விழும். எப்படி கண்டுபிடிக்கிறது? அதே சாம்பிள்ல மத்த ஜீன்களோட ஜிசி அதிகமான எக்ஸான்களையும் தனியா எடுத்துப் பாருங்க. எல்லாம் -0.4, -0.6ன்னு இறங்கியிருந்தா இது டிலீஷன் கதை இல்ல, லைப்ரரி கதை.

நம்ம கேஸ்ல அதவிட நேரான சாட்சி ஒண்ணு கிடைச்சுது. முதல் எக்ஸானுக்குள்ள ஒரு எஸ்என்பி, அந்த இடத்துல 74 ரீட்ல A, 70 ரீட்ல G. ஒரே காப்பி இருந்தா ரெண்டு எழுத்து எப்படி பாதிப் பாதியா வரும்? அங்க ரெண்டு காப்பி இருக்கு, டெப்த் மட்டும்தான் விழுந்திருக்கு. 5, 6, 7 பக்கம் போனா அடுத்தடுத்து மூணு எக்ஸானும் ஒரே அளவுல இறங்கியிருக்கு, அங்க இருக்குற ஆறு எஸ்என்பியிலயும் ஒரே எழுத்துதான். இது நிஜ டிலீஷனோட ஒத்துப்போகுது. ஆனா கவனிங்க, ரெண்டு எழுத்து இருந்தா டிலீஷன் இல்லன்னு அடிச்சு சொல்லலாம், ஒரே எழுத்து இருக்குன்னா டிலீஷன்தான்னு சொல்ல முடியாது, ரெண்டு காப்பியிலயும் ஒரே எழுத்து இருக்குறது சாதாரணமா நடக்குறதுதான்.

கட்டி சாம்பிள்ல இந்தக் கணக்கெல்லாம் இன்னொரு சுத்து சுத்தும். அங்க கட்டி செல்லோட நார்மல் செல்லும் கலந்திருக்கும். 40 சதவீதம்தான் கட்டின்னா ஒரு காப்பி இழப்புக்கு சராசரி 0.4×1 + 0.6×2 = 1.6 காப்பி, லாக் -0.32. பரம்பரை சாம்பிளுக்கு வச்ச கோட்ட இங்கயும் வச்சா ஒண்ணுமே கிடைக்காது.

அதவிட ஆழமான சிக்கல் பூஜ்யக் கோடு. பூஜ்யம்னா ரெண்டு காப்பின்னு மனசுல பதிஞ்சு போச்சு, ஆனா நார்மலைஸ் பண்றப்போ நாம செஞ்சது சாம்பிளோட பெரும்பான்மை லெவல பூஜ்யத்துக்கு இழுத்து வச்சது மட்டும்தான். ஜீனோம் முழுக்க ரெட்டிப்பாகி எல்லா இடத்துலயும் நாலு காப்பி இருக்குற கட்டியும் பூஜ்யத்துலதான் நிக்கும். அதுல ஒரு துண்டு ஒரு காப்பிய இழந்தா log2(3/4), அதாவது -0.415. இப்போ ரெட்டிப்பாகாத, ஆனா பாதிக்குப் பாதி நார்மல் செல் கலந்த கட்டிய எடுங்க. ஒரு காப்பி இழப்புக்கு சராசரி 1.5 காப்பி, log2(1.5/2), அதுவும் -0.415!

சரி, ரெண்டு எழுத்தும் எந்த அளவுல வருதுங்கிற அலீல் விகிதத்தப் பாத்து பிரிச்சிடலாம்னு நினைப்போம். முதல்ல சொன்னதுல மூணு காப்பி 2:1, அதாவது 0.67. ரெண்டாவதுல கட்டிகிட்ட இருந்து மிச்சம் இருக்குற ஒண்ணு, நார்மல்கிட்ட இருந்து ரெண்டு, அதுவும் 2:1, 0.67. கூடுற பக்கம் போனாலும் அஞ்சுக்கு நாலு, ரெண்டரைக்கு ரெண்டு, ரெண்டும் 1.25. ஏன் இப்படின்னா ஒரு கட்டி செல்லையும் ஒரு நார்மல் செல்லையும் சேர்த்து எண்ணினா நாலு காப்பி, ஒரு ரெட்டிப்பான செல்ல எண்ணினாலும் நாலு காப்பி. டெப்த்தும் அலீலும் சேர்ந்தாலும் இந்த ரெண்டையும் பிரிக்கவே முடியாது. மென்பொருள் ஏதோ ஒரு தீர்வ முதல் இடத்துல போட்டுக் குடுக்கும், அத அப்படியே ரிப்போர்ட்ல ஏத்துறதுதான் தவறு.

பிரிக்கிற சாட்சி வெளியில இருந்து வரணும். ஸ்லைட் பாத்த பேத்தாலஜிஸ்ட் எத்தன சதவீதம் கட்டி செல்னு சொல்றார்னு கேளுங்க, 50ஆ 95ஆங்கிறதே பாதி விடை. இல்லன்னா பூஜ்யக் கோட்டுல நிக்கிற, ரெண்டு அலீலும் சமமா இருக்குற துண்டுகள்ல இருக்குற கட்டியோட சொந்த மியூட்டேஷன்களப் பாருங்க. பாதி நார்மல் கலந்த கதையில அங்க ஒரு மியூட்டேஷன் நாலுல ஒரு காப்பிதான் பிடிக்க முடியும், 0.25 பக்கத்துல நின்னுடும். ரெட்டிப்புக்கு முன்னாடியே வந்த மியூட்டேஷன்னா காப்பியும் சேர்ந்து ரெட்டிப்பாகி 0.5 பக்கத்துல ஒரு கூட்டமா தெரியும். பரம்பரை வேரியன்ட்டும் 0.5லதான் நிக்கும், அதனால அந்த ஆளோட ரத்த சாம்பிள் கையில இருந்து அத கழிச்சிருந்தாதான் இத நம்பலாம்.

நம்ம 5-7 எக்ஸான் டிலீஷனுக்கு கடைசியா எம்எல்பிஏங்கிற, ஒவ்வொரு எக்ஸானுக்கும் புரோப் ஒட்டி காப்பி எண்ணுற தனி டெஸ்ட் போட்டு உறுதி பண்ணினாங்க, மூணு புரோப்பும் பாதிக்கு இறங்குச்சு. இதுவே ஒரே ஒரு எக்ஸான் டிலீஷனா இருந்து எம்எல்பிஏலயும் ஒரே புரோப் இறங்கினா அங்க நிக்கக்கூடாது, புரோப் ஒட்டுற இடத்துல ஒரு எழுத்து மாறியிருந்தா ஒரு காப்பியில லைகேஷன் நடக்காம அச்சு அசலா டிலீஷன் மாதிரியே பாதியாகும், அந்த இடத்த சீக்வென்ஸ் பண்ணி புரோப்புக்கு அடியில வேரியன்ட் எதுவும் இல்லன்னு பாத்துட்டுதான் கையெழுத்து போடணும்.